k ஐ மாற்றியும் விடை மாறவில்லை: வைன் தரவில் அண்மை அயலவர் வகைப்படுத்தி

பம்பைமடு மாணவி

அனைவருக்கும் வணக்கம். இயந்திரக் கற்றல் செய்முறை வகுப்பில், ஆயத்தமாக உள்ள வகைப்படுத்திகள் எதனையும் அழைக்காமல், ஒரு வைனுக்கு மிக அருகிலுள்ள k வைன்களிடம் வாக்குக் கேட்டு அதன் வகையைக் கணிக்கும் k அண்மை அயலவர் முறையை numpy மட்டும் கொண்டு நாமே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தரவாக scikit-learn உடன் வரும் `load_wine` தரப்பட்டுள்ளது. இத்தாலியின் ஒரே பிரதேசத்தில் விளைந்த மூன்று திராட்சை இனங்களிலிருந்து செய்யப்பட்ட 178 வைன்களின் இரசாயன அளவீடுகள் அதில் உள்ளன. ஒவ்வொரு வைனுக்கும் 13 அளவீடுகள் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருவரும் அருந்தியிராத பானம் என்பதால், எண்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

தரவைக் கலைத்து, 142 வைன்களைப் பயிற்சிக்கும் 36 ஐச் சோதனைக்கும் பிரித்தேன். செய்நிரல் இதுதான்:

```python
def predict(Xtr, ytr, x, k):
    d = np.sqrt(((Xtr - x) ** 2).sum(axis=1))
    idx = np.argsort(d)[:k]
    return np.bincount(ytr[idx]).argmax()
```

k ஐ 5 என்று வைத்தால் 36 இல் 26 சரியாக வருகிறது. k ஐ 1 இலிருந்து 15 வரை மாற்றிப் பார்த்தேன். 24 க்கும் 27 க்கும் இடையிலேயே நிற்கிறது. பக்கத்து மேசையில் இருக்கும் தோழிக்கு அதே பிரிப்பில் 35 சரியாக வந்துள்ளது. அளவீடுகளை இடையும் நியம விலகலும் கொண்டு நியமப்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னார். அதையும் செய்துவிட்டேன், ஆனால் ஒரு மாற்றமும் இல்லை. k ஐத் தேர்ந்தெடுப்பதில் பிழையா, தூரத்தில் பிழையா என்று விளங்கவில்லை. k = 5 க்கு வந்த குழப்ப அட்டவணையைக் கீழே தருகிறேன். நிரை உண்மையான வகை, நிரல் நான் கணித்த வகை.

```
[[11  0  1]
 [ 1 10  3]
 [ 0  5  5]]
```

ஓமந்தை ரூபன்

தங்கச்சி, முதலில் k ஐ ஒழுங்காகத் தெரிவு செய்யுங்கள். பயிற்சித் தரவின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுப்பதுதான் எங்களுக்குக் கற்பித்த விதி. 142 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12. ஆனால் இரட்டை எண்ணை வைத்தால் வாக்குகள் சமமாகப் பிரிந்துவிடும் என்பதால் 11 அல்லது 13 ஐ எடுக்க வேண்டும். ஒற்றை எண் என்றால் சமநிலை வரவே வராது.

அத்துடன், தரவைக் கலைத்தேன் என்கிறீர்கள், அதை மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள். அந்தக் கோப்பு வகை வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது: முதலில் 59, பிறகு 71, கடைசியில் 48. கலைக்காமல் கடைசி 36 ஐ எடுத்தால் சோதனைத் தரவு முழுவதும் மூன்றாம் இனமாகவே இருக்கும்.

நெடுங்கேணி சேகர்

k க்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. k ஐ ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கொத்தின் மையத்திலிருந்தும் அதன் உறுப்பினர்களுக்கு உள்ள தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி வரைபடம் வரையுங்கள். முழங்கை போல எங்கே மடிகிறதோ அதுதான் சரியான k. மூன்று இனங்கள் என்பதால் 3 இல் மடிய வேண்டும்.

ஓமந்தை ரூபன்

சேகர் அண்ணா, நீங்கள் சொல்வது k-means கொத்தாக்கம். அங்கே k என்பது கொத்துகளின் எண்ணிக்கை. இங்கே எத்தனை அயலவரிடம் வாக்குக் கேட்பது என்பதுதான் k. இங்கு கொத்தும் இல்லை, மையமும் இல்லை.

கனகராயன் ஆறு

இரண்டு விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன், நீங்கள் தந்த அட்டவணையே பாதி விடையைச் சொல்லிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

வகை 0 ஏறத்தாழ முழுவதும் சரியாக வந்திருக்கிறது. பிழைகளில் பெரும்பகுதி வகை 1 க்கும் வகை 2 க்கும் இடையில்தான் நடந்துள்ளது. k மட்டும் பொருந்தாததாக இருந்தால் பிழை இப்படி ஒரு மூலையில் குவிய வேண்டிய அவசியம் இல்லை. இத்தரவில் புரோலின் என்றொரு நிரல் உண்டு. அதன் இடை வகை 0 இல் ஏறத்தாழ 1116, வகை 1 இல் 520, வகை 2 இல் 630. அதாவது புரோலின் ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு வகை 0 தனியாகத் தெரியும், மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். வகை 1 ஐயும் 2 ஐயும் நன்றாகப் பிரிப்பது பிளவனோயிட் நிரல். அங்கே இடைகள் 2.08 உம் 0.78 உம். உங்கள் வகைப்படுத்திக்கு அந்த நிரல் கண்ணில் படவே இல்லை. ஆகவே நியமப்படுத்தப்படாத தரவு என்ன விடை தருமோ அதுவே உங்களுக்கு வந்திருக்கிறது.

இனி என் கேள்விகள். நியமப்படுத்திய வரியை அப்படியே இங்கே இடுங்கள். அடுத்து, நியமப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் சரியானவற்றின் எண்ணிக்கை மட்டும் 26 ஆக இருந்ததா, அல்லது 36 கணிப்புகளும் ஒன்றுக்கொன்று அப்படியே இருந்தனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பம்பைமடு மாணவி

36 உம் ஒன்றுக்கொன்று அப்படியே இருக்கின்றன, அண்ணா. ஒன்றுகூட மாறவில்லை. வரி இதுதான்:

```python
X = (X - X.mean()) / X.std()
```

கனகராயன் ஆறு

நான் எதிர்பார்த்தது இதைத்தான். `mean()` க்கு உள்ளே `axis=0` இல்லை. அதனால் numpy 178 நிரைகளையும் 13 நிரல்களையும் ஒன்றாகக் கொட்டி, முழு அட்டவணைக்கும் ஒரே ஓர் இடையையும் ஒரே ஒரு நியம விலகலையும் தந்திருக்கிறது. இரு வைன்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுக்கும்போது, இரண்டிலிருந்தும் கழித்த அதே எண் தன்னால் நீங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்ததால் எல்லாத் தூரங்களும் ஒரே விகிதத்தில் சுருங்கும். யார் முதலாவது அயலவர், யார் இரண்டாமவர் என்ற வரிசை இம்மியும் அசையாது. கணிப்புகள் ஒன்றுகூட மாறாததன் காரணம் இதுதான். நியமப்படுத்தியும் ஒரு கணிப்புக்கூட மாறவில்லை என்றால் உடனே சந்தேகிக்க வேண்டிய இடம் இதுவே. உண்மையாகவே நிரல் நிரலாக நியமப்படுத்தியிருந்தால், சரியானவற்றின் எண்ணிக்கை தற்செயலாக ஒத்துப்போனாலும் எந்தெந்த வைன்களில் பிழை வந்தது என்பதாவது மாறியிருக்கும்.

இதன் விளைவைக் கையால் கணித்துப் பார்த்துவிடுவது நல்லது. கோப்பின் முதலாவது வைனையும் மூன்றாவது வைனையும் எடுங்கள். புரோலின் 1065 உம் 1185 உம். வித்தியாசம் 120, வர்க்கம் 14400. மக்னீசியம் 127 உம் 101 உம். வித்தியாசம் 26, வர்க்கம் 676. அற்ககோல் 14.23 உம் 13.16 உம், வித்தியாசம் 1.07, வர்க்கம் 1.14. மீதிப் பத்து நிரல்களும் சேர்ந்து பத்துப் பதினொன்றைத் தாண்டவில்லை. மொத்தம் ஏறத்தாழ 15088, தூரம் 122.8. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு புரோலின் ஒன்றினால் வந்தது. நீங்கள் 13 பரிமாணங்களில் தூரம் அளப்பதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையில் அளந்தது ஒரு பரிமாணத்தில்.

இப்போது ஒவ்வொரு நிரலையும் அதனதன் நியம விலகலால் வகுப்போம். புரோலினின் நியம விலகல் ஏறத்தாழ 315. 120 ஐ அதனால் வகுத்தால் 0.38, வர்க்கம் 0.15. மக்னீசியத்துக்கு 14.3, 26 ஐ வகுத்தால் 1.82, வர்க்கம் 3.3. அற்ககோலுக்கு 0.81, 1.07 ஐ வகுத்தால் 1.32, வர்க்கம் 1.7. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் ஒன்பதை அண்டி வரும். அதில் புரோலினின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதே இரு வைன்கள்தான், ஆனால் அவை எதனால் வேறுபடுகின்றன என்பதற்கு முற்றிலும் வேறு விடை கிடைக்கிறது.

புரோலினை மில்லிகிராமில் எழுதியதால்தான் அது ஆயிரம் அளவில் நிற்கிறது. அளந்தவர் கிராமில் எழுதியிருந்தால் அதே போத்தலுக்கு உங்கள் வகைப்படுத்தி வேறு இனத்தின் பெயரைச் சொல்லியிருக்கக்கூடும். அளக்கும் அலகை மாற்றினால் மாறிவிடும் முடிவை நம்பி அறிக்கை எழுத முடியாது.

செட்டிகுளம் தர்சினி

`axis=0` சேர்ப்பதோடு இன்னொன்றையும் திருத்த வேண்டும். மாணவி தந்த வரி X முழுவதையும் நியமப்படுத்துகிறது, அதாவது பிரிப்பதற்கு முன்பே. சோதனைக்கென ஒதுக்கிய 36 வைன்களின் எண்களும் அந்த இடைக்குள் புகுந்துவிட்டன. சரியான ஒழுங்கு இது:

```python
mu = Xtr.mean(axis=0)
sd = Xtr.std(axis=0)
Ztr = (Xtr - mu) / sd
Zte = (Xte - mu) / sd
```

சோதனைத் தரவையும் பயிற்சித் தரவின் இடையாலும் விலகலாலும்தான் மாற்ற வேண்டும். சிலர் சோதனைத் தரவுக்கு வேறாக ஓர் இடை எடுக்கிறார்கள். அது இன்னும் மோசம், ஏனெனில் இரண்டு கூட்டங்களும் வெவ்வேறு அளவுகோல்களில் நின்றுகொண்டு தூரம் அளக்கும்.

கனகராயன் ஆறு

கொள்கையளவில் ஏற்கிறேன். ஆனால் இத்தரவில் அதனால் வரும் வேறுபாடு மிகச் சிறியது. இடைக்குள் புகுந்தவை அளவீடுகள் மட்டுமே, வகைப் பெயர்கள் அல்ல. இத்தரவோடு வரும் விளக்கக் கோப்பிலேயே, நியமப்படுத்திய தரவில் ஒரே ஓர் அயலவரைக் கேட்டு, ஒவ்வொரு வைனையும் ஒவ்வொரு முறை விலக்கிச் சோதித்தபோது 96.1 சதவீதம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். 178 இல் 7 பிழை. ஒவ்வொரு முறையும் ஒரு வைனை விட்டுவிட்டு இடையைப் புதிதாகக் கணித்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது.

செட்டிகுளம் தர்சினி

வேறுபாடு சிறியது என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். எண்ணாமல் சொல்வதற்காக விதியைத் தளர்த்தக் கூடாது. 20 மாதிரிகள் மட்டுமே உள்ள தரவில், ஒரே ஒரு பெரிய பெறுமானம் சோதனைப் பக்கம் விழுந்தால் விலகல் முழுவதும் மாறிவிடும். பழகும்போதே ஒழுங்காகப் பழகட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. இதில் நாம் இருவரும் உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லை.

பம்பைமடு மாணவி

தர்சினி அக்கா தந்த ஒழுங்கில் மாற்றி ஓட்டினேன். k = 5 இல் 36 க்கு 35 சரி. மிக்க நன்றி.

இப்போது வேறு சிக்கல். k ஐத் தெரிவு செய்ததற்கு அறிக்கையில் நியாயம் காட்ட வேண்டும். k ஐ மாற்றும்போது 34, 35, 36 என்று முன்னும் பின்னுமாக ஆடுகிறது. 36 க்கு 36 வந்த k ஐ எடுத்து எழுதிவிடலாமா? ரூபன் அண்ணா சொன்ன வர்க்கமூல விதிப்படி 11 ஐ எடுக்கலாமா?

கனகராயன் ஆறு

36 க்கு 36 வந்த k ஐ எடுக்க வேண்டாம். சோதனைத் தரவில் ஒரு போத்தல் என்பது 2.8 சதவீதப் புள்ளி. 34 க்கும் 36 க்கும் இடையிலுள்ள வித்தியாசம் இரண்டு போத்தல்கள் மட்டுமே. வேறொரு விதமாகக் கலைத்துப் பிரித்தால் வெற்றி பெறும் k வேறாகிவிடும். அதற்கும் மேலாக, சோதனைத் தரவைப் பார்த்து k ஐத் தெரிவு செய்தால், அந்தத் தரவில் வந்த மதிப்பெண்ணைச் சோதனை முடிவு என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறீர்கள்.

பயிற்சித் தரவின் 142 க்குள்ளேயே தெரிவை முடிக்கலாம். இந்த முறைக்குப் பயிற்சி என்று தனியாக ஒன்று இல்லாததால், ஒன்றை விலக்கிச் சோதிப்பது இங்கே மிக மலிவு. எல்லாச் சோடிகளுக்கும் தூரத்தை ஒரு முறை கணித்து வைத்தால் போதும்.

```python
D = ((Ztr[:, None, :] - Ztr[None, :, :]) ** 2).sum(axis=2)
np.fill_diagonal(D, np.inf)
order = np.argsort(D, axis=1)
for k in range(1, 142):
    votes = ytr[order[:, :k]]
    p = np.array([np.bincount(v).argmax() for v in votes])
    print(k, (p == ytr).sum())
```

வர்க்கமூலம் எடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரிசை மட்டுமே தேவைப்படும்போது அது வீண் வேலை. `fill_diagonal` வரிதான் இதில் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு வைனுக்கும் தானே தன் முதலாவது அயலவராகிவிடும், k = 1 இல் 142 க்கு 142 சரியாக வரும். அப்படியொரு முழு மதிப்பெண்ணைக் கண்டால் மகிழ வேண்டாம்.

மறு அந்தத்தில் k = 141 ஐயும் பாருங்கள். அங்கே எல்லாரிடமும் வாக்குக் கேட்கப்படுகிறது, ஆகவே தூரத்துக்கு வேலையே இல்லை. எண்ணிக்கையில் கூடிய வகை 1 எல்லா வைனையும் தனதாக்கிக்கொள்ளும். உங்கள் அட்டவணையைப் பார்த்தால் சோதனையில் வகை 1 இல் 14 இருக்கின்றன, ஆகவே பயிற்சியில் 57. விடை 142 க்கு 57 என்று வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் செய்நிரலில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். விடையை முன்கூட்டியே அறிந்த ஓர் அந்தம் கிடைத்திருக்கும்போது அதைச் சோதனையாகப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

ஓமந்தை ரூபன்

வர்க்கமூல விதியை எல்லாரும் இப்படித் தள்ளிவிடுவது சரியல்ல. தரவு கூடக்கூட k உம் கூட வேண்டும், ஆனால் தரவின் அளவோடு ஒப்பிட்டால் k சுருங்கிக்கொண்டே போக வேண்டும் என்பது நிறுவப்பட்ட விடயம். வர்க்கமூலம் அந்த இரண்டையும் நிறைவேற்றுகிறது.

கனகராயன் ஆறு

நிறைவேற்றுகிறது, உண்மை. ஆனால் வர்க்கமூலத்தில் பாதியும் நிறைவேற்றும், அதன் இரு மடங்கும் நிறைவேற்றும், கனமூலமும் நிறைவேற்றும். 142 வைன்களுக்கு இவை 6, 24, 5 என்று வெவ்வேறு எண்களைத் தருகின்றன. தரவு எல்லையின்றி வளரும்போது என்ன ஆகும் என்பதைத்தான் அந்த நிறுவல் சொல்கிறது. கையிலுள்ள 142 க்கு எது நல்லது என்று அது சொல்லவில்லை. தேடலைத் தொடங்க ஓர் இடமாக 12 ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதில் தடையில்லை. k = 1 ஐக்கூட இழிவாக நினைக்க வேண்டாம். தரவு எல்லையின்றிப் பெருகினால் ஒரே ஓர் அயலவரைக் கேட்பவரின் பிழைவீதம், சாத்தியமான மிகக் குறைந்த பிழைவீதத்தின் இரு மடங்கைத் தாண்டாது என்று கவர், ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1967 இல் காட்டினார்கள்.

ஒற்றை எண் பற்றி நீங்கள் சொன்னது இரண்டு வகைகள் மட்டும் இருக்கும்போது சரி. இங்கே மூன்று வகைகள். k = 3 இல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாக்கு விழலாம்; k = 5 இல் இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரியலாம். அப்போது தங்கச்சியின் `np.bincount(...).argmax()` சத்தமின்றிச் சிறிய எண்ணுடைய வகையைத் தெரிவு செய்துவிடும். வகை 1 க்கும் 2 க்கும் சமநிலை வந்தால் எப்போதும் 1 தான் வெல்லும். இது தூரத்தினால் வந்த முடிவு அல்ல, பெயரிட்ட ஒழுங்கினால் வந்த முடிவு. தோழி `Counter` இன் `most_common` ஐப் பயன்படுத்தியிருந்தால், சமநிலையில் முதலில் சந்தித்த வகை வரும். அயலவர் தூர வரிசையில் நிற்பதால், சமநிலையில் உள்ளவற்றுள் மிக அருகில் நிற்பவரின் வகை அது. இதனால் இருவருடைய விடைகளும் ஓரிரு இடங்களில் வேறுபட்டால் வியப்படைய வேண்டாம். எதைப் பின்பற்றினீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஓமந்தை ரூபன்

மூன்று வகைகளில் ஒற்றை எண்ணும் சமநிலை தரும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இரட்டை எண்ணை விட ஒற்றை எண்ணில் அது குறைவாக நேரும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

இரணைமடு வயல்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மாணவன் இல்லை, விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். விதைநெல்லில் வேறு இனம் கலந்திருப்பதைக் கைத்தொலைபேசிப் படத்தை வைத்துக் கண்டறிய முடியுமா என்று ஓய்வு நேரத்தில் முயன்று வருகிறேன். கீரிச் சம்பாவுக்குள் ஆட்டக்காரி கலந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதற்குக் கணினி தேவையில்லை. உருவம் ஒத்த இனங்கள் கலக்கும்போதுதான் சிரமம்.

ஒவ்வொரு நெல்மணிக்கும் நீளம், அகலம், சுற்றளவு, படத்தில் அது அடைக்கும் பரப்பு, உமியின் நிறம் ஆகியவற்றை எடுக்கிறேன். இதே அண்மை அயலவர் முறைதான். என் தரவில் நல்ல விதை நிறைய உண்டு. கலப்பு விதை என்று உறுதியாகப் பொறுக்கி எடுத்தவை 30 மட்டுமே. k ஐ எவ்வளவு கூட்டுகிறேனோ அவ்வளவுக்குச் சரியின் சதவீதம் உயர்கிறது. ஆனால் கலப்பு விதை ஒன்றைக்கூட அது காட்டிக்கொடுப்பதில்லை. இங்கே பேசியதைப் பார்த்தால் எனக்கும் நியமப்படுத்தல்தான் குறைபோலத் தெரிகிறது. நியமப்படுத்தினால் தீர்ந்துவிடுமா?

செட்டிகுளம் தர்சினி

அவருக்குப் பதில் எழுதுவதற்கு முன், தூரம் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நியமப்படுத்தியதோடு தூரப் பிரச்சினை முடிந்துவிட்டது என்ற எண்ணம் இங்கே நிலவுகிறது.

வைன் தரவில் வகை 1 ஐச் சேர்ந்த ஒரு வைனுக்கு மக்னீசியம் 162, முழுத் தரவிலும் அதுவே மிகக் கூடிய பெறுமானம். இடை ஏறத்தாழ 99.7 என்பதால், நியமப்படுத்திய பிறகு அது 4.36 இல் நிற்கும். யூக்ளிடிய தூரத்தில், மக்னீசியம் இடையளவாக உள்ள ஓர் அயலவரோடு ஒப்பிட்டால் இந்த நிரல் ஒன்றே 19 ஐக் கூட்டுகிறது. மக்னீசியம் 127 ஆக உள்ள ஓர் அயலவரோடு ஒப்பிட்டால் 6 மட்டுமே கூட்டுகிறது. எழுந்தமானமாக எடுத்த இரு வைன்களுக்கு 13 நிரல்களும் சேர்ந்தே சராசரியாக 26 தான் வரும். ஆகவே அந்த ஒரு நிரலால் எழும் 13 என்ற வித்தியாசம், மீதிப் பன்னிரண்டும் சொல்வதை மூடி மறைக்கப் போதுமானது. மக்னீசியத்தின் இடை வகை 0 இல்தான் மிகக் கூடியது என்பதால், இந்த வைன் அந்தப் பக்கம் இழுக்கப்படலாம்.

வர்க்கத்துக்குப் பதிலாகத் தனி வித்தியாசங்களைக் கூட்டும் மான்ஹாட்டன் தூரத்தில், அதே இரு அயலவர்களுக்கும் மக்னீசியம் 4.36 ஐயும் 2.45 ஐயும் கூட்டும். வித்தியாசம் 1.9 மட்டுமே, எழுந்தமானச் சோடியின் மொத்தமோ 14 அல்லது 15. இழுப்பு இருக்கிறது, ஆனால் அடக்கமாக இருக்கிறது. செய்நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி:

```python
d = np.abs(Xtr - x).sum(axis=1)
```

இதனால் மான்ஹாட்டன்தான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஓரிரு நிரல்களில் முரட்டுப் பெறுமானங்கள் இருக்கும்போது அது பொறுமையாக நடந்துகொள்ளும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த வைனுக்கு இரு தூரங்களிலும் முதல் பத்து அயலவரை அச்சிட்டுப் பார்த்தால் விளங்கும்.

கனகராயன் ஆறு

தர்சினி சொன்னதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு கவலையை மட்டும் சேர்க்கிறேன். நியமப்படுத்தல் எல்லா நிரலுக்கும் சம உரிமை கொடுக்கிறது, பயனற்ற நிரலுக்கும்கூட. சாம்பல் என்ற நிரல் இந்த மூன்று இனங்களையும் பிரிப்பதில் அதிகம் உதவுவதில்லை, ஆனாலும் பிளவனோயிட்டுக்குச் சமமாக அமர்ந்து வாக்களிக்கிறது. எந்த நிரலுக்கு எவ்வளவு எடை என்பதை k ஐத் தெரிவு செய்வதுபோலவே பயிற்சித் தரவுக்குள் தேடலாம். ஆனால் 13 எடைகளை 142 வைன்களைக் கொண்டு தேடினால், தற்செயலுக்கு எடை கட்டிவிடும் ஆபத்து உண்டு. செய்முறை வகுப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

போதனாசிரியர் ஐயாவுக்கு: உங்கள் சிக்கலில் நியமப்படுத்தல் ஒரு பகுதி மட்டுமே. பரப்பு படப்புள்ளிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கும், நீளமும் அகலமும் அதற்கு மிகக் கீழே இருக்கும், ஆகவே நிரல் நிரலாக நியமப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் நீளம், சுற்றளவு, பரப்பு மூன்றும் பெரும்பாலும் ஒரே செய்தியை, அதாவது மணி பெரிதா சிறிதா என்பதைத்தான் சொல்கின்றன. நியமப்படுத்திய பிறகு பருமனுக்கு மூன்று வாக்கு, நிறத்துக்கு ஒரு வாக்கு என்றாகிவிடும். இரண்டை நீக்கிவிட்டு, நீளத்தையும், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும், நிறத்தையும் மட்டும் வைத்துப் பாருங்கள். நிரல்கள் ஒன்றோடொன்று இழைந்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் மகலனோபிசு தூரமும் உண்டு, ஆனால் முதலில் எளிய வழியை முயலுங்கள்.

கலப்பு விதை அகப்படாததற்குக் காரணம் k. உங்களிடம் அவை 30 தான் என்றால், ஒன்றை வகைப்படுத்தும்போது அயலவராக நிற்கக்கூடிய கலப்பு விதைகளும் அதிகபட்சம் 30 தான். k ஐ 61 ஆக்கினால் வெல்வதற்கு 31 வாக்குகள் வேண்டும். அந்த இடத்திலிருந்து கலப்பு விதை வெல்வது கணிதப்படியே முடியாத காரியம். அதற்கு மிகக் கீழேயே சிறுபான்மை நசுங்கத் தொடங்கிவிடும். சதவீதம் உயர்வது ஏனென்றால், எல்லாவற்றையும் நல்ல விதை என்று சொன்னாலே பெரும்பாலானவை சரியாகிவிடும். k ஐத் தெரிவு செய்யும்போது மொத்தச் சரியைப் பார்க்காமல், 30 இல் எத்தனை பிடிபட்டன, நல்ல விதையில் எத்தனை வீணாகச் சந்தேகிக்கப்பட்டன என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

பம்பைமடு மாணவி

ஒன்றை விலக்கிச் சோதிப்பதை ஓட்டினேன். k = 141 இல் சரியாக 57 வந்தது, k = 1 இல் 142 வரவில்லை; ஆகவே செய்நிரல் சரி என்று நம்புகிறேன். ஆனால் ஓரிலக்க எண்களில் தொடங்கி இருபதுகளின் கடைசி வரை வரைபடம் ஏறத்தாழத் தட்டையாகவே இருக்கிறது, ஒன்றிரண்டு வைன்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. அந்தத் தட்டைக்குள் எதைத் தெரிவு செய்வது?

செட்டிகுளம் தர்சினி

தட்டையின் பெரிய பக்கத்தை எடுங்கள். அயலவர் கூடினால் எல்லை வழுவழுப்பாகும், ஓரிரு பிழையான அளவீடுகள் முடிவை அசைக்காது.

கனகராயன் ஆறு

நான் சிறிய பக்கத்தை எடுப்பேன். மூன்று வகைகளிலும் சிறியதற்குப் பயிற்சியில் 38 வைன்கள்தான் உள்ளன. k முப்பதை நெருங்கும்போது, அந்த வகையின் ஓரத்தில் நிற்கும் வைன் பெரும்பான்மை பெறத் தன் வகையினரில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கூப்பிட வேண்டி வரும். இந்தத் தரவில் வகைகள் நன்கு விலகி நிற்பதால்தான் அது வெளியே தெரியவில்லை. வரைபடத்தையே அறிக்கையில் ஒட்டி, தட்டையான பகுதி எது என்று குறித்து, அதற்குள் ஒன்றை எடுத்ததாக எழுதுங்கள். 9 என்றாலும் 15 என்றாலும் மதிப்பிடுபவர் கேள்வி கேட்க இடமில்லை.

இரணைமடு வயல்

நன்றி. சொன்னபடி நிரல்களைக் குறைத்து, k ஐ 3 க்கு இறக்கிப் பார்த்தேன். இப்போது கலப்பு விதைகளில் சில அகப்படுகின்றன. ஆனால் வீணாகச் சந்தேகிக்கப்படும் நல்ல விதைகளைத் தட்டி எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் பிடித்த படங்களிலிருந்து வந்தவை. அன்று தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். மற்ற நாட்களில் தாங்கியில் வைத்து எடுத்தோம். நியமப்படுத்தல் இதைச் சரிசெய்யாதா?

கனகராயன் ஆறு

சரிசெய்யாது. நியமப்படுத்தல் ஒரு நிரல் முழுவதையும் ஒரே அளவால் வகுக்கிறது. ஒரே நிரலுக்குள் இரண்டு அளவுகோல்கள் கலந்திருந்தால் அது அறியாது. தொலைபேசி பத்தில் ஒரு பங்கு உயரமாக இருந்தால் நீளம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்து தெரியும், பரப்பு 17 சதவீதம் குறையும். உருவம் ஒத்த இனங்களுக்கு இடையில் அதைவிடச் சிறிய வித்தியாசத்தைத்தானே தேடுகிறீர்கள். ஒவ்வொரு படத்திலும் நெல்லோடு ஒரு நாணயத்தையோ அடிமட்டத்தையோ வையுங்கள், படப்புள்ளிகளை மில்லிமீற்றராக மாற்றிய பிறகே தூரத்தைக் கணியுங்கள். நீள அகல விகிதம் மட்டும் உயரத்தால் அதிகம் பாதிக்கப்படாது. ஆகவே பழைய படங்களைக் கழிக்க மனமில்லை என்றால் அந்த ஒரு நிரலையும் நிறத்தையும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நிறத்தை வெயில் எவ்வளவு மாற்றியிருக்கும் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

இரணைமடு வயல்

படங்கள் சில காலையிலும் சில பின்னேரத்திலும் எடுத்தவை. விகிதத்தை மட்டும் வைத்து ஓட்டிவிட்டு வருகிறேன்.